மோட்டார் போட்டா பக்கத்துத் தோட்டத்துல லைட் மங்குது: எந்த ஸ்டார்ட்டர் நல்லது?

நெல்லு, மஞ்சள், ஆடுன்னு எழுதிக்கிட்டிருந்தவன் இன்னிக்கு மோட்டார் பெட்டியைப் பத்தி எழுதறேன். போன மாசம் சென்னையிலிருந்து வந்திருந்த என் தங்கச்சி பையன்தான் காரணம். நான் கிணத்து மோட்டாரைப் போட்டதும் களத்துல எரிஞ்ச பல்பு மங்கி, மறுபடி பிரகாசமாச்சு. அதைப் பார்த்துட்டு, "என்ன மாமா, இன்னும் இந்தப் பழைய பெட்டியா? எங்க அபார்ட்மென்ட்ல சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டிருக்கோம். தண்ணி மோட்டார் ஓடறதே தெரியாது. ஒண்ணு வாங்கிப் போடுங்க, பிரச்சனை தீர்ந்துடும்"னான்.

நல்ல எண்ணத்துல சொன்னதுதான். ஆனா இந்த ஒரு வாக்கியத்தால கிராமத்துல நிறைய பேர் காசை விட்டிருக்காங்க. வரிசையோட கடைசியில இருக்கற தோட்டத்துக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் முதல் மருந்து இல்லைங்கறது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதல்ல எங்க லைன் எப்படிப்பட்டதுன்னு தெரியணும். எங்க டிரான்ஸ்பார்மர் 63 கேவிஏ. அதுல ஒன்பது தோட்டத்து மோட்டார், நாலு வீடு. டிரான்ஸ்பார்மர்லேர்ந்து என் கிணத்துக்கு லைன் வழியா சுமார் 800 மீட்டர். எனக்கு அடுத்து ரெண்டு கம்பம் தள்ளி மாமா தோட்டம். சொந்த மாமா இல்லை, பங்காளி முறைக்காரர் வீட்ல பொண்ணு எடுத்தவர்; சின்ன வயசுலேர்ந்து மாமான்னுதான் கூப்பிடறேன். லைன் அவர் தோட்டத்தோட முடியுது.

கம்பி மெல்லிசு, தூரம் அதிகம். கம்பியும் தண்ணிக் குழாய் மாதிரிதான். மெல்லிய குழாயில கடைசி வீட்ல ஒருத்தர் குழாயை முழுசா திறந்தா பக்கத்து வீட்ல தண்ணி சொட்டும். மோட்டார் நின்ன நிலையிலேர்ந்து கிளம்பும்போது, ஓடறப்ப இழுக்கறதைப்போல ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். என் 10 எச்பி மோனோபிளாக் ஓடும்போது எடுக்கறது 14 ஆம்பியர். கிளம்பற அந்த ரெண்டு மூணு விநாடிக்கு, வோல்டேஜ் சரியா இருந்தா 84 ஆம்பியர் இழுக்கும். 63 கேவிஏ டிரான்ஸ்பார்மரோட முழுத் திறனே ஏறக்குறைய 84 ஆம்பியர்தான். ஒரே ஒரு கிணத்து மோட்டார் ரெண்டு விநாடிக்கு முழு டிரான்ஸ்பார்மரையும் கேக்குது.

தங்கச்சி பையன் குடியிருக்கற அபார்ட்மென்ட்ல வாசல்லயே 500 கேவிஏ டிரான்ஸ்பார்மர். இதே மோட்டாரை அங்கே எந்தப் பெட்டியும் இல்லாம நேரா போட்டாலும் நாலஞ்சு வோல்ட்கூடக் குறையாது. "ஓடறதே தெரியாது"ங்கற பெருமை பாதிக்கு மேல டிரான்ஸ்பார்மரோடது, ஸ்டார்ட்டரோடது இல்லை.

இந்த வோல்டேஜ் இறக்கத்தால என் பல்பு மங்கினா பரவாயில்லை. பிரச்சனை அது இல்லை. மூணு வருஷம் முன்னாடி மாமா மோட்டார் எரிஞ்சது. நான் மோட்டார் போடறப்பல்லாம் அவர் பெட்டிக்குள்ள கான்டாக்டர் "கடகட"ன்னு அடிக்கும். உள்ளே ஒரு காயில் கான்டாக்டரை இழுத்துப் பிடிச்சிருக்கும். வோல்டேஜ் இறங்கினா பிடி தளரும், ஏறினா மறுபடி இழுக்கும். ஒவ்வொரு அடியிலயும் பாயின்ட்ல தீப்பொறி. நாளாக ஆக ஒரு பேஸ் பாயின்ட் கருகி, ஒரு நாள் அந்தப் பேஸே போகாம மோட்டார் ரெண்டு பேஸ்ல உறுமிக்கிட்டே நின்னு எரிஞ்சு போச்சு. சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் அவர் பெட்டியில அப்ப வேலை செய்யல. வைண்டிங் கடைக்காரர் பாயின்டைக் காட்டினதும், "இது உன் மோட்டாரால"ன்னு மாமா சொன்னார். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் என்கூடப் பேசல. எங்க வீட்டு விசேஷத்துக்கும் வரல. அவர் சொன்னதுல பாதி உண்மைன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இதை ஒழுங்காப் பார்த்துடணும்னு இறங்கினேன்.

எங்க வைண்டிங் கடை அண்ணன் ஒரு டாங் டெஸ்டர் கொடுத்தார். பெட்டியிலயே வோல்ட் மீட்டர், ஆம்பியர் மீட்டர் ரெண்டும் உண்டு. முள்ளு சட்டுனு இறங்கி ஏறறதைக் கண்ணால பிடிக்க முடியல. போனை பெட்டி முன்னாடி வச்சு வீடியோ எடுத்து, அப்புறம் மெதுவா ஓட்டிப் பார்த்தோம். முள்ளு மீட்டர் கொஞ்சம் சோம்பேறி, உண்மையான இறக்கம் இன்னும் சில வோல்ட் கூட இருக்கலாம். ஆனா மூணு முறையையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட இது போதும். மத்த மோட்டாரெல்லாம் ஓடிக்கிட்டிருந்த பகல் நேரம். நான் போடறதுக்கு முன்னாடி என் பெட்டியில 375 வோல்ட். இருக்க வேண்டியது 415.

முதல் முறை நேரடி ஸ்டார்ட், எலெக்ட்ரீசியன்கள் டிஓஎல்னு சொல்றது. என் பெட்டியில டைமர் கெட்டுப்போன ரெண்டு நாள் வேற வழியில்லாம அப்படித்தான் ஓட்டினோம். பட்டனை அமுக்கினதும் 375 வோல்ட் 300க்கு வந்துச்சு. வோல்டேஜே குறைஞ்சதால கரண்டும் 84க்குப் போகல, 60 ஆம்பியர்லயே நின்னுச்சு. ரெண்டு விநாடியில மோட்டார் வேகம் பிடிச்சு எல்லாம் பழையபடி ஆச்சு. மோட்டாருக்கு ஒண்ணும் கெடுதல் இல்லை. 300 வோல்ட்ல மோட்டாரோட முறுக்கு விசை முழு வோல்டேஜ்ல இருக்கறதுல பாதிதான் இருக்கும், ஏன்னா வோல்டேஜ் குறையற விகிதத்தை ரெண்டு தடவை பெருக்கினாத்தான் விசை குறையற விகிதம் வரும். ஆனா தண்ணி பம்புக்கு ஆரம்பத்துல பெரிய விசை வேண்டியதில்லை, அதனால கிளம்பிடும். அடி வாங்கினது மாமாவோட கான்டாக்டர்தான்.

ரெண்டாவது ஸ்டார் டெல்டா. கிராமத்துப் பெரிய மோட்டார்கள்ல இதுதான் அதிகம். மோட்டாருக்குள்ள மூணு சுத்து இருக்கு. கிளம்பும்போது அதை ஸ்டார் வடிவத்துல சேர்த்தா ஒவ்வொரு சுத்துக்கும் 58 சதவீத வோல்டேஜ்தான் கிடைக்கும். அதனால சுத்துல ஓடற கரண்டும் 58 சதவீதம். டெல்டாவுல ஒரு லைன் கம்பி ரெண்டு சுத்துக்குச் சேர்த்துக் கரண்ட் கொடுக்கணும், ஸ்டார்ல ஒரு சுத்துக்கு மட்டும். ரெண்டும் சேர்ந்து லைன்ல ஓடற கரண்ட் மூணுல ஒரு பங்காயிடும். விசையும் மூணுல ஒரு பங்காயிடும். சில விநாடி கழிச்சு டைமர் ஸ்டாரைக் கழட்டி டெல்டாவுக்கு மாத்தும்.

டைமரை மாத்தி அளந்தப்ப ஸ்டார்ல 23 ஆம்பியர்தான். 375 வோல்ட் 345க்கு மட்டும் இறங்குச்சு. "அட, இவ்வளவு நல்லா இருக்கே"ன்னு நினைக்கறதுக்குள்ள நாலாவது விநாடி டைமர் டெல்டாவுக்குத் தள்ளுச்சு. முள்ளு 310க்கு விழுந்துச்சு. நேரடியா போட்டதைவிட பத்து வோல்ட்தான் மேல. மூணு வருஷமா ஸ்டார் டெல்டா இருந்தும் மாமா பெட்டி அடிச்சுக்கிட்டே இருந்ததுக்குக் காரணம் இதுதான். நான் மாமாவுக்குக் கொடுத்தது நேரடி அடியேதான், நாலு விநாடி தள்ளிப் போட்டுக் கொடுத்திருக்கேன்.

ஏன் அப்படி? மோட்டார் ஆறு மடங்கு இழுக்கறது நிக்கறப்ப மட்டும் இல்லை. வேகம் முக்கால்வாசி வந்தாலும் கரண்ட் ரொம்பக் குறையாது. முழு வேகத்தை நெருங்கினாத்தான் மடமடன்னு இறங்கும். அதனால ஸ்டார்லயே மோட்டார் ஏறக்குறைய முழு வேகத்துக்கு வந்தாகணும். ஆனா 345 வோல்ட்ல ஸ்டார்ல கிடைக்கற விசை, முழு வோல்டேஜ்ல நேரடியா போட்டா கிடைக்கறதுல கால் பங்குக்கும் குறைவு. தண்ணி பம்புக்கு வேகம் ஏற ஏற சுமை கூடும். வேகம் ரெட்டிச்சா சுமை நாலு மடங்கு. முக்கால் வேகத்துல மோட்டாரோட பலமும் பம்போட சுமையும் சமமாயிடுச்சு, அதுக்கு மேல ஏற முடியல. அந்த நிலையில டெல்டாவுக்குத் தள்ளினா நேரடியா போட்ட மாதிரிதான்.

இதைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் வேண்டாம், ஆம்பியர் முள்ளைப் பார்த்தாலே போதும். ஸ்டார்ல முதல்ல ஏறின முள்ளு சில விநாடியில நல்லா இறங்கி நிலையா நின்னா மோட்டார் வேகம் பிடிச்சுடுச்சு, இப்ப டெல்டாவுக்கு மாத்தலாம்னு அர்த்தம். முள்ளு இறங்கறதுக்குள்ள டைமர் மாத்தினா டைமர் அவசரப்படுதுன்னு அர்த்தம். எவ்வளவு நேரம் விட்டாலும் முள்ளு இறங்கவே இல்லைன்னா ஸ்டாருக்கு அந்தச் சுமையை இழுக்கற பலம் இல்லை. அங்கே டைமரைக் கூட்டிக்கிட்டே போனா சுத்து சூடாகறதுதான் மிச்சம்.

என்னோடது மூணாவது வகை. ஏழு விநாடி விட்டுப் பார்த்தும் 20 ஆம்பியர்லயே நின்னுச்சு. மருந்து வைண்டிங் கடை அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. "தம்பி, டெலிவரி கேட் வால்வைப் பாதிக்கு மேல மூடிட்டுப் போடு"ன்னார். மோனோபிளாக் மாதிரி சாதாரண பம்புல தண்ணி ஓட்டம் குறைஞ்சா சுமையும் குறையும். வால்வை மூடிட்டுப் போட்டா அஞ்சு விநாடியில முள்ளு 10 ஆம்பியருக்கு இறங்குச்சு. டைமரை 6 விநாடிக்கு வச்சோம். டெல்டாவுக்கு மாறும்போது 335 வோல்ட்டுக்குக் கீழே போகல. அப்புறம் போய் வால்வை மெதுவா திறந்தா முடிஞ்சது. செலவு பூஜ்யம். ஒரே கஷ்டம், ஒவ்வொரு தடவையும் ஆள் போகணும். இப்ப வால்வை முக்கால் திறப்புலயே நிரந்தரமா வச்சிருக்கேன். கொஞ்சம் தண்ணி குறையுது, மாறும்போது இறக்கம் 325 வரைக்கும் போகுது. அது எனக்கு ஒத்து வருது.

மூணாவது சாஃப்ட் ஸ்டார்ட்டர். அண்ணன் கடையில விற்பனைக்கு வச்சிருந்த ஒண்ணை ரெண்டு நாள் கொடுத்தார். இதுல மின்னணு வால்வு மாதிரி தைரிஸ்டர்கள் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமா திறந்து விடும். எவ்வளவு கரண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு நாமே வைக்கலாம். ஓடற கரண்டுல மூணு மடங்கு, அதாவது 42 ஆம்பியருக்கு வச்சோம். முள்ளு நிதானமா 375லேர்ந்து 323க்கு வந்து, அங்கேயே சில விநாடி நின்னு, மோட்டார் வேகம் பிடிச்சதும் மேலே ஏறிடுச்சு. நடுவுல எந்த அடியும் இல்லை. பார்க்க அழகா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

ஆனா கணக்கைப் பாருங்க. 42 ஆம்பியர் எடுத்து அது கொடுத்த விசையும், ஸ்டார் 23 ஆம்பியர் எடுத்துக் கொடுத்த விசையும் ஏறக்குறைய ஒண்ணுதான், நேரடி விசையில கால் பங்கு. ஸ்டார்ல சுத்துகளோட இணைப்பே மாறுது, அதனால லைன்ல மூணுல ஒரு பங்கு. சாஃப்ட் ஸ்டார்ட்டர்ல சுத்து டெல்டாவுலயே இருக்கு, வோல்டேஜ் மட்டும்தான் குறையுது. அதே விசைக்கு லைன்லேர்ந்து முக்கால் மடங்குக்கு மேல கூடுதலா கரண்ட் வேணும். லைன் பலவீனமா இருக்கற இடத்துல இது சின்ன விஷயம் இல்லை. அந்த முதல் சில விநாடியைப் பொறுத்தவரைக்கும், பழைய ஸ்டார்தான் லைனுக்கு மென்மையானது. சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஜெயிக்கறது மாறும்போது விழற அந்த ரெண்டாவது அடியில. அதுக்கு அது இல்லவே இல்லை.

"அப்ப கரண்டை ரெண்டு மடங்குக்கு வச்சா இன்னும் மென்மையா இருக்குமே"ன்னு கேப்பீங்க. நானும் வச்சேன். மோட்டார் அரை வேகத்துல முனகிக்கிட்டே நின்னுச்சு. கொடுத்த நேரம் முடிஞ்சதும் பெட்டி டிரிப் ஆயிடுச்சு. விசை பத்தாம மோட்டார் நடுவுல நிக்கும்போது சுத்தும் தைரிஸ்டரும் சேர்ந்து சூடாகும். சில மலிவான பெட்டிகள் டிரிப் ஆகாம, நேரம் முடிஞ்சதும் பைபாஸ் கான்டாக்டரை மூடிடும். அப்ப விழறது சுத்தமான நேரடி அடி. வாங்கறவங்க இதைக் கேட்டு வாங்கணும். இன்னொண்ணு, மோட்டார்ல கெப்பாசிட்டர் மாட்டியிருந்தா அதை சாஃப்ட் ஸ்டார்ட்டருக்கு முன்னாடி லைன் பக்கம் மாத்தணும். மோட்டார் பக்கமே விட்டா தைரிஸ்டர் போயிடும். கரண்ட் மிச்சமாகும்னு விக்கறவங்க சொன்னா நம்ப வேண்டாம். மோட்டார் ஓட ஆரம்பிச்ச பிறகு அதுக்கு வேலையே இல்லை.

போர் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. சப்மெர்சிபிள்ல ஸ்டார் டெல்டா வேணும்னா ஆறு முனை வெளியே வர்ற மோட்டாரா இருக்கணும், போருக்குள்ள ரெண்டு கேபிள் இறக்கணும். மூணு முனை மோட்டார்னா அந்த வழியே அடைச்சுடும், அங்கே சாஃப்ட் ஸ்டார்ட்டருக்கு நியாயம் உண்டு. ஆனா அதோட அடியில இருக்கற த்ரஸ்ட் பேரிங் தண்ணிப் படலத்துலதான் மிதக்குது. வேகம் வந்தாத்தான் அந்தப் படலம் உருவாகும். மெதுவா மெதுவான்னு பத்து விநாடி இழுத்தா பேரிங் தேயும். ரெண்டு மூணு விநாடிக்குள்ள மேலே ஏத்திடணும். நான் சொன்ன 6 விநாடிக் கணக்கு மேலே இருக்கற மோனோபிளாக்குக்கு மட்டும்தான்.

இவ்வளவும் அளந்து முடிச்ச பிறகுதான் பெரிய திருடன் கண்ணுல பட்டான். எங்களுக்கு த்ரீ பேஸ் நேரம் வச்சுத்தான் வரும். ராத்திரி எழுந்து போக முடியாதுன்னு எல்லாரும் ஆட்டோ பெட்டி மாட்டியிருக்கோம். லைன் வந்ததும் தானா மோட்டார் எடுக்கும். எல்லாப் பெட்டியிலயும் கடைக்காரர் வச்சுக்கொடுத்த அதே சில விநாடி தாமதம். அதாவது லைன் வந்ததும் ஏழெட்டு மோட்டார் ஒரே மூச்சுல கிளம்புது. அந்த நேரத்துல என் பெட்டியில பார்த்தேன், 250க்குக் கீழே. யாரோடதும் முழுசா கிளம்பாம, சிலது டிரிப் ஆகி, சிலது கடகடன்னு அடிச்சு, ஒரு நிமிஷம் ஒரே ரகளை. இதுல யார் எந்த ஸ்டார்ட்டர் வச்சிருந்தாலும் ஒண்ணுதான்.

டீக்கடையில உக்காந்து ஒன்பது பேரும் பேசினோம். மாமாவும் வந்தார், என்னைப் பார்க்காம அடுத்த பெஞ்சுல உக்காந்தார். ஆளுக்கு 20 விநாடி இடைவெளி விடறதுன்னு முடிவாச்சு. யார் முதல்ல? டிரான்ஸ்பார்மர் பக்கத்துல இருக்கறவங்க "நாங்கதான்"னாங்க. நான் அளந்த கணக்கைச் சொன்னேன். லைன் வந்த உடனே யாரும் ஓடாதப்ப கடைசிக் கம்பத்துலயும் 400 வோல்ட்டுக்கு மேல இருக்கு. ஒவ்வொரு மோட்டார் ஏற ஏற அது இறங்கிக்கிட்டே வருது. அந்த நல்ல வோல்டேஜ் யாருக்கு அதிகம் தேவை? கடைசியில இருக்கறவருக்கு. டிரான்ஸ்பார்மர் பக்கத்துல இருக்கறவர் எப்ப போட்டாலும் கிளம்பிடும். அதனால கடைசியிலேர்ந்து ஆரம்பிக்கணும். முதல் மோட்டார் மாமாவோடது, ரெண்டாவது என்னோடது.

ஒரு மாலையில எல்லாப் பெட்டியிலயும் டைமர் திருப்பி முடிச்சோம். செலவு அண்ணனுக்கு ஒரு டீ. இப்ப லைன் வந்தா மூணு நிமிஷத்துல எல்லா மோட்டாரும் ஓடுது, டிரிப் இல்லை.

அதனால தங்கச்சி பையனுக்கும் உங்களுக்கும் என் பதில் இதுதான். முதல்ல ஒரே நேரத்துல கிளம்பறதை நிறுத்தணும். அப்புறம் இருக்கற ஸ்டார் டெல்டாவை ஆம்பியர் முள்ளைப் பார்த்து ஒழுங்கா வைக்கணும். அதுக்கும் அடங்கலைன்னா, இல்லை மூணு முனை போர் மோட்டார்னா, சாஃப்ட் ஸ்டார்ட்டர் வாங்கலாம். ஆனா மோட்டார் போடறதுக்கு முன்னாடியே என் பெட்டியில இருந்தது 375 வோல்ட். அதை எந்த ஸ்டார்ட்டரும் 415 ஆக்காது. அதுக்குக் கம்பி தடிமனாகணும், இல்லை டிரான்ஸ்பார்மர் கிட்ட வரணும். அந்த வேலை விவசாயி காசு கொடுத்துப் பெட்டி வாங்கறதால தீராது. "இலவசக் கரண்ட்தானே"ன்னு நகரத்துல கேக்கறவங்க, அந்தக் கரண்ட் 800 மீட்டர் மெல்லிய கம்பியில வந்து சேர்றதுக்குள்ள எரிச்ச மோட்டார்களையும் கணக்குல சேர்த்துக்கணும்.

போன வாரம் ராத்திரி லைன் வந்தப்ப களத்துல நின்னுக்கிட்டிருந்தேன். மாமா மோட்டார் எடுத்துச்சு. எண்ணிக்கிட்டே இருந்தேன், இருபதாவது விநாடி என்னோடது. அவர் களத்து லைட் லேசா மினுக்கி நின்னுச்சு, கடகட சத்தம் இல்லை. காலையில தண்ணி மாத்தப் போகும்போது வரப்புல எதிர்ல வந்தார். "ராத்திரி நல்லா எடுத்துச்சுடா"ன்னார்.